ஞாயிற்றுக்கிழமைக் கைலி

சின்னதுரைக்கு ஊரில் பட்டப்பெயர் 'பேண்ட்டு'. நேரில் கூப்பிடும்போது பேண்ட்டு மாமா, பேண்ட்டு சித்தப்பா என்று உறவுமுறை ஒட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் வெறும் பேண்ட்டுதான். ஆள் அப்படி. கடலை பிடுங்கப் போனாலும் பேண்ட், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாலும் பேண்ட், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையிலும் பேண்ட். கல்யாணம் காட்சிக்கு வேட்டி கட்டுவார். அதுவும் கணுக்காலுக்குக் கீழே தொங்கி, போகிற வழியெல்லாம் மண்ணைப் பெருக்கிக்கொண்டு போகும். கைலி என்பது வீட்டுக்குள் படுக்கும்போது மட்டும். குன்னம் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் இல்லை. "ஏன்யா இந்தக் கொதியில வேகுற?" என்று யாராவது கேட்டால், "பழகிப் போச்சு" என்பார். அதற்கு மேல் அவர் வாயைக் கிண்டினால் காற்றுதான் வரும்.

அவர் சொல்ல மாட்டார். நாம் சொல்லிவிடலாம்.

சின்னதுரைக்கு மூன்றாம் வகுப்புப் படிக்கிற வயது அப்போது. அவருடைய அப்பா அரியமுத்து, ஒரு பண்ணையில் அறுப்புக்குப் போயிருந்தார். தலையில் நெற்கட்டு, கை இரண்டும் மேலே கட்டைப் பிடித்திருக்கின்றன. வரப்பில் பண்ணைக்காரர் எதிரே வந்தார். அவர் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட வேண்டும். அதுதான் அந்தக் காலத்து வழக்கம். கை இரண்டும் மேலே இருக்கிறவன் எந்தக் கையால் இறக்குவான்? "கும்புடுறேன் சாமி" என்று வாயால் சொன்னார் அரியமுத்து. பண்ணைக்காரருக்கு அது போதவில்லை. கட்டைக் கீழே போடச் சொன்னார், வேட்டியை இறக்கச் சொன்னார், மறுபடி தூக்கச் சொன்னார். சேற்றில் வேட்டி தடுக்குமே என்று அரியமுத்து மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார். நாலடி நடந்திருப்பார். "என்னடா, அதுக்குள்ள மடிச்சிட்டியா?" மறுபடி இறக்கு. மறுபடி தூக்கு. வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். இப்படியும் மனுசன் இருப்பானா என்றால், இருந்தான்.

கஞ்சித் தூக்கோடு நின்று பார்த்த பையன் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவன் முன்னாலும் இறக்க மாட்டேன் என்று மனசுக்குள் முடிந்துகொண்டான், அவ்வளவுதான். வளர்ந்த பிறகு அதற்கு அவர் கண்ட வழிதான் பேண்ட். பேண்ட்டில் மடிப்பும் கிடையாது, இறக்குவதற்கும் ஒன்றும் கிடையாது. யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை, யாருக்கும் வளைய வேண்டியதும் இல்லை. கட்டிக்கொண்ட ராசாத்திக்கே இந்தக் கதை தெரியாது.

ஆலத்தியூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் அவருக்கு மூட்டை ஏற்றும் வேலை. இளவட்டமாகப் போய்ச் சேர்ந்தவர், இப்போது மீசை நரைத்துவிட்டது. மெஷின் மூட்டையை நிரப்பிக் கொடுக்கும், பெல்ட் லாரி வரைக்கும் கொண்டுவரும். லாரிக்குள்ளே வாங்கி அடுக்குவது மனுசன்தான். மரியாதையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆபீசர்கள் யார் வந்தாலும் நிமிர்ந்து நின்று, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "வணக்கம் சார்." குனிய மாட்டார், குழைய மாட்டார், பல்லைக் காட்ட மாட்டார். வணக்கம் என்றால் வணக்கம்.

கூட வேலை பார்க்கிற மணிவண்ணன் இதில் வேறு ரகம். ஆபீசர்களுக்கு எங்கே எப்படி வணக்கம் வைக்க வேண்டும் என்பதில் அவனுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் வகுப்பே எடுப்பான்.

"ஆலைக்குள்ள வைக்கிறதெல்லாம் ஒரு வணக்கமாண்ணே? அது சம்பளத்துல சேந்தது. ஞாயித்துக்கெழம கடையில பாத்து வைக்கிறீங்க பாருங்க, அதான் மனசுல நிக்கும். ஆனா நேரம் தெரிஞ்சு வைக்கணும். பேரம் பேசறப்ப வைக்கக் கூடாது, பில்லுக்குப் பர்ஸ எடுக்கறப்ப வைக்கக் கூடாது, பொண்டாட்டி திட்டுறப்ப வைக்கவே கூடாது. பைக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது. 'என்ன சார் வாங்குனீங்க'ன்னு கேக்கப்படாது. 'கடைக்கா சார்?' அவ்வளவுதான். அவரு 'ஆமாப்பா'ம்பாரு. 'சரிங்க சார், வரேங்க சார்'னு நாமளே மொதல்ல நவுந்துரணும். அவரா 'சரி போயிட்டு வா'ன்னு சொல்ற வரைக்கும் நின்னா, ஏதோ கேக்க வந்துருக்கான்னு நெனச்சிருவாரு."

"கேக்க வேண்டியது இருந்தா?" என்றார் ஒருவர்.

"கடையில கேட்டா கெட்டுச்சு. லீவு, சம்பளம், வேலை இடம் எதையும் வாயத் தொறந்து கேக்கக் கூடாது. வணக்கத்த மட்டும் வெதைச்சிட்டு வந்துரணும். திங்கக்கெழம அது தானா மொளைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னதுரையும் சிரித்தார். ஆனால் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எடைமேடையில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் பூங்காவனம் வேலையை விட்டுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போகிறார். அந்த இடம் காலியாகிறது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, மின்விசிறி வேறு. அதற்கு யாரைப் போடுவது என்று முடிவு செய்யப் போகிறவர் நாலு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த மேனேஜர் பாலாஜி. மணிவண்ணன் சும்மாவா ஞாயிற்றுக்கிழமை வணக்கத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிறான்?

சின்னதுரைக்கு அந்த நாற்காலி ஆசை இல்லை, அவசியம். வலது முட்டி போய்விட்டது. லாரிக்குள் ஏறும்போது உள்ளே கல் உரசுகிற மாதிரி ஒரு வலி, வேலை முடிந்து இறங்கும்போது பூசணிக்காய் மாதிரி வீக்கம். இதை அவர் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. முட்டி போன ஆளுக்கு மூட்டை ஏற்றுகிற இடத்தில் என்ன வேலை? "உடம்ப பாத்துக்கய்யா" என்று அன்பாகவே அனுப்பிவிடுவார்கள். மகள் தமிழ்மொழி அரியலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எடைமேடை கிடைத்தால் அவள் படித்து முடிக்கிற வரைக்கும் ஓட்டிவிடலாம். அதற்குள் முட்டி விஷயம் வெளியே தெரிந்தால் இருக்கிற வேலையும் போச்சு. இதுதான் நிலவரம்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊர் நாட்டு வைத்தியர் ஒருவர் முட்டியைச் சுற்றிப் பச்சிலையும் துணியும் வைத்துக் கனமாகக் கட்டிவிட்டார். கால் மரக்கால் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேண்ட்டை மாட்டப் பார்த்தார், கட்டுக்கு மேல் ஏறவில்லை. வேறொரு பேண்ட், அதுவும் ஏறவில்லை. மளிகைச் சாமான் வாங்கப் பெரம்பலூருக்குப் போக வேண்டும். வாசலில் ராசாத்தி பையோடு நின்றாள்.

"கைலியக் கட்டிக்கிட்டு வாங்களேன். ஊருல எவன் கட்டல?"

"நீ மட்டும் போயிட்டு வாயேன்."

"எண்ணெ டின்னையும் அரிசியையும் நான் ஒருத்தியா தூக்கிட்டு வரணுமாக்கும்? நல்லாருக்கு ஞாயம்!"

வேறு வழியில்லை. கைலியோடு கிளம்பினார். பஸ் ஏறும்போது காலில் சிக்கியது, மடித்துக் கட்டினார். முட்டிக்கு மேலே கைலி, முட்டியில் வெள்ளைக் கட்டு. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக மடித்த கைலியோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். அவருக்குத்தான் ஊரே பார்க்கிற மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மளிகைக் கடை. நாமே எடுத்துக்கொண்டு வந்து வாசல் பக்கம் பில் போடுகிற மாதிரி நாலு சந்தாக அடுக்கு வைத்த கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் நெட்டித் தள்ளும். ராசாத்தி துவரம்பருப்பு விலையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். சின்னதுரை இடது கையில் எண்ணெய் டின், வலது கையில் அரிசிப் பை என்று நின்றுகொண்டு, சந்து முனையை எதேச்சையாகப் பார்த்தார்.

மேனேஜர்.

முதலில் அடையாளமே தெரியவில்லை. ஆலையில் இஸ்திரி சட்டை, ஷூ, கழுத்தில் அடையாள அட்டை என்று வரும் மனுசன், இங்கே மூன்று நாள் தாடியோடு ஒரு வெளுத்துப்போன பனியன், மடித்துக் கட்டிய நீலக் கைலி, கையில் விளக்குமாறு. வாங்கப் போகிறாரோ, வேண்டாம் என்று திரும்ப வைக்கப் போகிறாரோ, அதன் ஈர்க்குகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? ஆலைக்குள் என்றால் அவருக்கு ஒரு நாற்காலி, நமக்கு ஒரு நிற்கிற இடம். கடைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் பருப்பு வாங்க வந்தவர்கள்தான். அவர் நம்மைப் பார்த்துவிட்டாரா என்று தெரியாது. பார்த்தும் நாம் வணக்கம் வைக்காமல் போனால், 'வெளியில பாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறான்' என்று ஆகும். அவர் பார்க்காமல் இருக்கும்போது போய் வைத்தால், விளக்குமாறும் கையுமாய் நிற்கிறவரைப் பிடித்த மாதிரி ஆகும். ரெண்டும் தப்பு. அதனால் நாம் எல்லோரும் செய்வதைத்தான் சின்னதுரையும் செய்தார். திரும்பிக்கொண்டு, சோப்புத்தூள் பாக்கெட்டில் எழுதியிருப்பதை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

ஓரக்கண்ணால் பார்த்தால், மேனேஜரும் திடீரென்று போனை எடுத்து அதில் ரொம்ப முக்கியமாக ஏதோ தேடிக்கொண்டிருந்தார். விளக்குமாறு மெல்ல முதுகுப் பக்கம் போயிருந்தது. அட, அவரும் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி இருக்கிறார். ஆபீசர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காதா?

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ராசாத்தி விடவில்லை.

"யாருங்க அது? அந்த ஆளப் பாத்துட்டு ஏன் இப்படி சோப்பு டப்பாவுக்குள்ள பூந்துக்கிறீங்க?"

"மேனேஜரு" என்றார் உதட்டுக்குள்.

அவ்வளவுதான். அவள் முகம் மாறிவிட்டது. எடைமேடை, மணிவண்ணன், முட்டி எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டாள்.

"மொதல்ல கைலிய எறக்கி வுடுங்க."

"சும்மாரு."

"எறக்குங்கன்னா! பெரிய மனுசன் முன்னால முட்டி தெரிய நிப்பாங்களா? கட்டு வேற வெள்ளையா பல்லக் காட்டுது. அத அவரு பாத்தாருன்னா கதை கந்தல். எறக்குனா மரியாதையும் ஆச்சு, முட்டியும் மறைஞ்சிச்சு."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். வேறு யாராக இருந்தாலும் யோசிக்கவே மாட்டார்கள், கை தானாக இடுப்புக்குப் போயிருக்கும். சின்னதுரைக்கு இரண்டு கையிலும் சாமான். எண்ணெய் டின்னைக் கீழே வைக்க வேண்டும், அரிசிப் பையைக் கீழே வைக்க வேண்டும், மடிப்பை இறக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். அவர் கண்ணுக்கு முன்னால் துவரம்பருப்புச் சந்து போய் வரப்பு வந்துவிட்டது. நெற்கட்டும் சிரிப்பும் வந்துவிட்டன. விரல்கள் டின் கைப்பிடியில் இறுகிக்கொண்டன.

"மாட்டேன்" என்றார்.

"என்னது?"

"மாட்டேன்னா மாட்டேன்."

ராசாத்திக்கு ஒன்றும் புரியவில்லை. தானே குனிந்து, மடிப்பில் கை வைத்தாள். "ஏய், வுடு புள்ள!" என்று அவர் ஒதுங்கினார். அவர் ஒதுங்க, அவள் இழுக்க, கால் கட்டு இடிக்க, சோப்புத்தூள் பாக்கெட்டுகள் நாலைந்து பொத்பொத்தென்று விழுந்தன. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "வூட்டுல வச்சு சண்டை போடக் கூடாதாடி?" என்றாள்.

சத்தம் கேட்டுத் திரும்பாமல் எப்படி இருக்க முடியும்? மேனேஜர் திரும்பினார். கண்ணும் கண்ணும் மோதிவிட்டன. இனிமேல் பார்க்காத மாதிரி இருக்க அந்தக் கடையில் எந்த டப்பாவும் உதவாது.

சின்னதுரை நிமிர்ந்து நின்றார். கையைக் கூப்ப முடியாது, நெற்றிக்குக் கொண்டுபோகவும் முடியாது. எண்ணெய் டின்னோடு இடது கையைக் கொஞ்சம் உயர்த்தி, "வணக்கம் சார்" என்றார். ஆலையில் சொல்கிற அதே குரல். கைலி மடித்தபடியே இருந்தது.

பாலாஜி முகத்தில் ஒரு திகைப்பு. அடையாளம் தெரிந்ததா என்றால் தெரிந்தது, ஆனால் ஆலைக்குள் தெரிகிற மாதிரி தெரியவில்லை. எதிரே நின்றது நரைத்த மீசையோடு, அப்பா வயசில், பொண்டாட்டியோடு கடைக்கு வந்த ஒரு பெரியவர். பாலாஜியின் கை என்ன செய்கிறதென்று அவருக்கே தெரிந்திருக்காது. விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த மடிப்பை விலக்கினார். நீலக் கைலி சரசரவென்று கணுக்கால் வரைக்கும் இறங்கியது.

"வாங்கண்ணே" என்றார். "கடைக்கா?"

சின்னதுரை அந்தக் கைலியையே பார்த்தார். அவருடைய தெருவில் அக்கா மகன், பங்காளிப் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் இறக்கி விடுவார்கள். அது பாசம். அந்தத் தெருவைத் தாண்டி, ஒரு ஆபீசர், இத்தனை பேர் நடுவில்!  வந்தது அழுகையா, சந்தோஷமா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஆமாங்க சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஞாபகம் வந்து, "எங்க வூட்டுக்காரம்மாங்க சார்" என்றார்.

ராசாத்தி கும்பிட்டாள். பாலாஜி விளக்குமாற்றோடு கும்பிட்டார். கும்பிட்டுக்கொண்டே அவர் பார்வை கீழே போயிற்று. வெள்ளைக் கட்டில் போய் நின்றது.

"முட்டில என்னண்ணே?"

ராசாத்தி வாயைத் திறந்தாள். சின்னதுரை முந்திக்கொண்டார். "கெணத்தடியில வழுக்கிட்டுங்க சார். ஒண்ணுமில்லீங்க."

 பாலாஜி கட்டை இன்னொரு தடவை பார்த்தார். ராசாத்தி முகத்தைப் பார்த்தார். அதில் பயம் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது. "சரிண்ணே, பாத்துப் போங்க" என்றார். பில் போடும் இடத்தில், "நீங்க போங்க சார்" என்றார் சின்னதுரை. "அண்ணே, வெயிட்டு உங்க கையில. நான் தொடப்பந்தான வச்சிருக்கேன், மொதல்ல நீங்க போங்க" என்றார் அவர். பின்னால் நின்றவர், "யாராச்சும் ஒருத்தரு போங்கப்பா" என்று கத்தினார். சின்னதுரை முதலில் போனார். ஆபீசருக்கு முன்னால் பில் போட்டால் அது என்ன கணக்கு என்று மணிவண்ணன் வகுப்பில் சொல்லித் தரவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் ராசாத்தி ஆரம்பித்தாள். கோபம் என்றால் கோபம்.

"போச்சு. கட்டப் பாத்துட்டாரு. கெணத்தடியாம்! நம்ம வூட்டுல கெணறு எங்க இருக்கு? ஒரு கைலிய எறக்கி வுட முடியல உங்களால. அப்படி என்ன வீராப்பு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டவுனைத் தாண்டி, மக்காச்சோளக் காடு வர ஆரம்பித்தது. அப்போதுதான் சொன்னார். வரப்பையும், நெற்கட்டையும், இறக்கு தூக்கு என்பதையும். தெருவில் கதை சொல்கிற மாதிரி இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். ராசாத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமனார் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. சாகிற வரைக்கும் யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுசன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டின்னைப் பிடித்திருந்த அவர் கை மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "அந்தப் பண்ணக்காரனுக்கு நீங்க எறக்காம இருக்கறது ஞாயம். ஆயுசுக்கும் எறக்க வேணாம். ஆனா இந்தப் புள்ள உங்களுக்கு எறக்குச்சே, அதுக்குப் பதில் மரியாதை வேணாமா? அது எறக்கிட்டு நிக்குது, நீங்க மடிச்சிக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. பாத்தவங்க என்ன நெனச்சிருப்பாங்க?"

சின்னதுரைக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் யோசித்ததே இல்லை. எதிரே நிற்கிறவன் இறக்கிவிட்டு நிற்க, தான் மட்டும் மடித்துக் கட்டியபடி நிற்பது யாருடைய நிற்பு? அந்த வரப்பில் அப்படி நின்றது யார்? 

மறுநாள் விடிந்ததும் கட்டைப் பிரித்துப் போட்டார். வீங்கிய முட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேண்ட்டை ஏற்றினார். ஆலைக்குப் போன அரை மணியில் ஆள் வந்தது. மேனேஜர் கூப்பிடுகிறார். மணிவண்ணன் ஒரு மாதிரி பார்த்தான். சின்னதுரை படியேறும்போது, நாளைக்கு மகளிடம் போனில் என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே ஏறினார்.

இஸ்திரி சட்டை, அடையாள அட்டை, ஷூ. மேஜைக்கு அந்தப் பக்கம் பாலாஜி. இந்தப் பக்கம் பேண்ட்.

"வணக்கம் சார்."

"வணக்கம். முட்டி எத்தன நாளா இப்படி இருக்கு?" ஆலைக் குரல்தான். அண்ணே இல்லை.

கிணற்றடிப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. தனக்காகக் கைலியை இறக்கிய ஆளிடம் இன்னொரு தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு வருஷமா இருக்குங்க சார். நேத்து சொன்னது பொய்யிங்க. வேலை போயிருமேன்னு சொன்னேன்."

பாலாஜி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கெணத்தடியில வழுக்குனதுக்கா அவ்வளவு பெரிய கட்டு? எங்கப்பாவும் முட்டி வலியோட நெல்லு மூட்டை தூக்கிக்கிட்டே இருந்தாரு, யாருகிட்டயும் சொல்லாம. இப்ப நடக்க முடியல, வூட்டுல உக்காந்துருக்காரு. நேத்து அந்தத் தொடப்பமே அவரு கேட்டுதான் வாங்குனேன். வாசலயாவது நான் கூட்டுறேங்கிறாரு." மேஜை மேலிருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "எடைமேடைக்கு மணிவண்ணனப் போடறதாத்தான் இருந்தேன். சுறுசுறுப்பா இருக்கான், பாக்கற எடத்துலல்லாம் வணக்கம் வைக்கிறான். ஆனா அவன் முட்டி நல்லாருக்கு, அவன் இன்னும் பத்து வருஷம் லாரிக்குள்ள நிப்பான். நீங்க டாக்டர்ட்ட ஒழுங்கா காட்டிட்டு சீட்டு கொண்டாந்து குடுங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து டோக்கன் நீங்க பாருங்க. கட்ட மட்டும் நேத்து நான் பாக்காம இருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்காது."

 "நன்றிங்க சார்" என்றார் சின்னதுரை.  இன்னும் ஏதோ செய்ய வேண்டும் போலிருந்தது. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே பெல்ட்தான் இருந்தது. பேண்ட்டில் எதை இறக்குவது?

வீட்டில் ராசாத்தி கேட்டுவிட்டுக் குதிக்காத குறை. "கைலிய எறக்கியிருந்தா கட்டு மறைஞ்சிருக்கும், எடம் மணிவண்ணனுக்குப் போயிருக்கும்! உங்க வீராப்புகூட சமயத்துல சோறு போடும் போலருக்கே" என்று அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மணிவண்ணன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "அப்படி என்னதாண்ணே வணக்கம் வச்சீங்க கடையில?" என்று கேட்டான். "எண்ணெ டின்னால வச்சேன்" என்றார் இவர். அவன் நம்பவில்லை.

எடைமேடையில் உட்கார்ந்து ஒன்றரை மாதம் ஆயிற்று. வீக்கம் வற்றிவிட்டது, பேண்ட் தாராளமாக ஏறுகிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்குக் கிளம்பும்போது சின்னதுரை கொடியில் கிடந்த கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டார். வாசலில் மடித்தும் கட்டிக்கொண்டார். ராசாத்தி பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். தெருமுனையில் ஒரு வாண்டு, "பேண்ட்டு தாத்தா கைலி கட்டிருக்காருடோய்!" என்று கூவிக்கொண்டு ஓடியது.

மேனேஜர் வருவார் என்று யார் சொன்னது? அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்த வாரம், அதே கடை, அதே சந்து. நீலக் கைலிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஏதோ ஒரு டப்பாவின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்க்கவில்லை. பேசாமல் திரும்பிப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

சின்னதுரை எண்ணெய் டின்னைக் கீழே வைத்தார். அரிசிப் பையைக் கீழே வைத்தார். இடுப்பில் செருகியிருந்த மடிப்பை எடுத்து, அவசரமில்லாமல், கணுக்கால் வரைக்கும் இறக்கி விட்டார். யாரும் சொல்லவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. பிறகு குனிந்து டின்னையும் பையையும் மறுபடி தூக்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, துடைக்கக் கை இல்லை. அப்படியே நாலடி நடந்து போய், "வணக்கம் சார், கடைக்கா?" என்றார்.